படம் கொடுத்த வட்டக் கணக்கு: சரியான சமன்பாட்டையும் தொடுகோட்டு நீளத்தையும் பிடிப்பது எப்படி

பிளஸ் டூ கணக்குத் தாளில் 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத்தான் போகிறது. அதில் வட்டம் வந்துவிட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட தடுமாறுவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். சூத்திரம் தெரியாமல் தடுமாறுவதில்லை. எல்லாச் சூத்திரமும் தெரியும், ஆனால் பக்கத்தில் இருக்கிற படத்தை ஒரு தடவைகூட பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு விடைகளில் மூன்று தவறு என்றால், அந்த மூன்றும் சும்மா வந்த எண்கள் இல்லை. ஒவ்வொன்றும் மாணவர் செய்யக்கூடிய ஒரு குறிப்பிட்ட பிழையைச் செய்தால் சரியாக வந்து நிற்கிற விடை. அதனால்தான் தப்பாகப் போட்டவருக்கும் "விடை இருக்கிறதே" என்று நிம்மதியாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு வட்டத்தை வைத்துக்கொள்வோம். மையம் C(3, 2), ஆரம் 2. ஒரு தாளை எடுத்து x அச்சு, y அச்சு போட்டு, இந்த வட்டத்தைக் கையாலேயே வரைந்துகொள்ளுங்கள். மையம் x அச்சிலிருந்து 2 அலகு உயரத்தில் இருக்கிறது, ஆரமும் 2, அதனால் வட்டம் x அச்சின்மேல் உட்கார்ந்திருக்கும், (3, 0) இல் தொடும். y அச்சிலிருந்து மையம் 3 அலகு தள்ளி இருப்பதால் அந்தப் பக்கம் 1 அலகு இடைவெளி விழும். இந்த இரண்டும் படத்தில் தெரிந்தால் போதும், அளவுகோல் வேண்டாம்.

படத்திலிருந்து வட்டத்தின் சமன்பாடு

வினா இப்படி வரும்: படத்தில் மையம் (3, 2) என்று குறித்து, வட்டம் x அச்சைத் தொடுவதாக வரைந்திருப்பார்கள். ஆரம் எங்கேயும் எழுதியிருக்காது. கீழே நான்கு விடைகள்:

(1) x² + y² − 6x − 4y + 4 = 0
(2) x² + y² + 6x + 4y + 9 = 0
(3) x² + y² − 6x − 4y + 9 = 0
(4) x² + y² − 6x − 4y + 13 = 0

முதலில் குறியைப் பாருங்கள். மையம் முதல் கால்பகுதியில் இருந்தால் x, y இரண்டின் கெழுவும் குறை எண்ணாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பொது வடிவம் x² + y² + 2gx + 2fy + c = 0, மையம் (−g, −f). அதோடு (2) போய்விட்டது. மீதி மூன்றும் ஒரே மையம் கொண்டவை, c மட்டும்தான் வேறு. அதனால் இனி கேள்வி ஆரத்தைப் பற்றியது மட்டும்.

x அச்சைத் தொடுகிற வட்டத்தில் ஆரம் என்பது மையத்தின் y ஆயத்தொலைவு, அதாவது 2. இந்த இடத்தில் பாதிப் பேர் x ஆயத்தொலைவான 3 ஐ எடுத்துவிடுகிறார்கள். "x அச்சு" என்ற சொல் காதில் விழுந்ததும் கை x எண்ணுக்குப் போகிறது. அப்படி எடுத்தால் c = 9 + 4 − 9 = 4, அதுதான் விடை (1), அது y அச்சைத் தொடுகிற வட்டம். (4) இல் 9 + 4 − 13 = 0, ஆரம் பூச்சியம், வெறும் புள்ளி. c கண்டுபிடிக்கும்போது r² ஐக் கழிக்க மறந்தவருக்காக வைத்தது. சரியானது (3): 9 + 4 − 9 = 4, ஆரம் 2.

மனசுக்குள் ஒரு சின்ன சோதனை வைத்துக்கொள்ளலாம். y = 0 என்று போட்டால் (3) இல் x² − 6x + 9 = 0, அதாவது (x − 3)² = 0. ஒரே மூலம், அதனால் அச்சைத் தொடுகிறது. "x அச்சைத் தொட்டால் g² = c" என்று மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. பரீட்சை அறையில் g² ஆ f² ஆ என்று குழம்பினால் இப்படி y = 0 போட்டுப் பார்ப்பது இரண்டு வரி வேலைதான்.

தொடுகோட்டின் நீளம்

இப்போது வெளியே P(6, 6) என்று ஒரு புள்ளி. அங்கிருந்து வட்டத்துக்கு ஒரு தொடுகோடு, தொடும் இடம் T. PT நீளம் என்ன? விடைகள் 3, √21, 5, √29.

படத்தில் ஒரு கோடு குறைகிறது, அதை நீங்கள்தான் போட வேண்டும்: C யிலிருந்து T க்கு ஆரம். அதைப் போட்டவுடன் T இல் செங்கோணம் வந்துவிடும், ஆரமும் தொடுகோடும் தொடுபுள்ளியில் செங்குத்து என்பதால். அடுத்து P ஐயும் C ஐயும் சேர்த்துவிடுங்கள். CT = 2, CP கர்ணம், நமக்கு வேண்டியது PT. எந்தக் கணக்காக இருந்தாலும் சரி, இந்த முக்கோணத்தை வரையாமல் ஒரு எண்கூட எழுத வேண்டாம் என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகளிடம் பிடிவாதமாகச் சொல்வேன்.

CP² = (6 − 3)² + (6 − 2)² = 9 + 16 = 25, அதனால் CP = 5. PT² = 25 − 4 = 21. விடை √21.

மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன என்று இப்போது பாருங்கள். 5 என்பது CP, மையம் வரைக்கும் உள்ள தூரம், பாதியிலேயே நின்றவரின் விடை. 3 என்பது 5 − 2, P யிலிருந்து வட்டத்துக்கு மிகக் கிட்டத்தில் உள்ள புள்ளியின் தூரம், அது மையத்தை நோக்கிப் போகும் கோட்டில் இருக்கிறது, தொடுகோட்டில் இல்லை. √29 என்பது √(25 + 4). PT ஐக் கர்ணம் என்று நினைத்தவர் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறார். படம் வரைந்திருந்தால் PT கர்ணமாக இருக்க வழியே இல்லை என்று கண்ணுக்குத் தெரியும்: செங்கோணம் T இல், அதற்கு எதிரே இருப்பது CP.

சூத்திரமாகச் சொன்னால், சமன்பாட்டின் இடப்பக்கத்தில் P இன் ஆயத்தொலைவுகளைப் போட்டு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 36 + 36 − 36 − 24 + 9 = 21. அதே விடைதான். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. வினாவில் வட்டத்தை 2x² + 2y² − 12x − 8y + 18 = 0 என்று கொடுத்திருந்தால்? வட்டம் அதேதான், எல்லாம் 2 ஆல் பெருக்கப்பட்டிருக்கிறது. அப்படியே போட்டால் 42 வரும், √42 என்று ஒரு விடையும் காத்திருக்கும். x² இன் கெழு 1 ஆக இல்லையென்றால் முதல் வேலையாக வகுத்துவிடுங்கள், மையமும் ஆரமும் கண்டுபிடிக்கிறபோதும் இதே கதைதான்.

சரிபார்க்க எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று உண்டு. P யிலிருந்து மையம் வழியாக ஒரு நேர்க்கோடு போட்டால் அது வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும், கிட்டத்துப் புள்ளி 5 − 2 = 3 தூரத்தில், தூரத்துப் புள்ளி 5 + 2 = 7 தூரத்தில். பெருக்கினால் 21, அதுவே PT². யூக்ளிட் மூன்றாம் புத்தகத்தின் 36 ஆம் தேற்றம் இதைத்தான் சொல்கிறது, P வழியாக எந்தக் கோடு போட்டு வெட்டினாலும் அந்தப் பெருக்கல் மாறாது. 5, 2 என்று முழு எண்களாக வருகிற கணக்கில் இந்தச் சோதனைக்கு மூன்று விநாடி போதும்.

இடப்பக்கத்தில் போட்டபோது குறை எண் வந்தால் பதற வேண்டாம். உதாரணமாக (4, 3) போட்டால் 16 + 9 − 24 − 12 + 9 = −2. புள்ளி வட்டத்துக்குள்ளே இருக்கிறது, தொடுகோடே கிடையாது என்று அர்த்தம். ஆனால் படத்தில் புள்ளி வெளியே வரைந்திருந்து உங்களுக்குக் குறை எண் வந்தால், எங்கேயோ குறி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

ஆதிப்புள்ளியிலிருந்து வரும் இரண்டாவது தொடுகோடு

அடுத்த படம்: அதே வட்டம், ஆதிப்புள்ளி O விலிருந்து இரண்டு தொடுகோடுகள். ஒன்று x அச்சேதான். மற்றொன்றின் சமன்பாடு எது?

(1) 5x − 12y = 0
(2) 12x + 5y = 0
(3) 2x − 3y = 0
(4) 12x − 5y = 0

நான்கும் O வழியாகப் போகின்றன, அதனால் புள்ளியைப் போட்டுப் பார்த்து எதையும் கழிக்க முடியாது. வினா எடுத்தவர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். படத்தைப் பார்த்தால் இரண்டாவது தொடுகோடு வட்டத்துக்கு இடப்பக்கமாக மேலே ஏறிப் போகிறது, சாய்வு மிகை எண், அதனால் (2) விழுந்தது. (3) இல் மையம் (3, 2) ஐப் போட்டால் 6 − 6 = 0, அது மையம் வழியாகப் போகும் கோடு, எப்படித் தொடும்?

மீதி (1), (4). மையத்திலிருந்து கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் ஆரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். (1): |15 − 24| / 13 = 9/13, இது 2 ஐ விடக் குறைவு, கோடு வட்டத்தை வெட்டுகிறது. (4): |36 − 10| / 13 = 26/13 = 2. முடிந்தது.

விடைகள் கொடுக்காமல் கேட்டால் y = mx என்று வைத்து |3m − 2| = 2√(m² + 1), வர்க்கப்படுத்தினால் 5m² − 12m = 0, m = 0 அல்லது 12/5. m = 0 என்பது x அச்சு. அது வந்தே ஆக வேண்டும், வரவில்லையென்றால் வர்க்கப்படுத்தும்போது தவறு நடந்திருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது, படத்தைப் பார்த்துப் பழகினவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். OC கோடு இரண்டு தொடுகோடுகளுக்கும் நடுவில் உள்ள கோணத்தை இருசமமாக வெட்டும். x அச்சோடு OC செய்யும் கோணம் θ என்றால் tan θ = 2/3. இரண்டாவது தொடுகோட்டின் கோணம் 2θ. tan 2θ = (4/3) / (1 − 4/9) = (4/3) × (9/5) = 12/5. வர்க்கமே போட வேண்டியதில்லை.

எல்லோரும் விழுகிற இடம்: P(5, 6)

இப்போது புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி P(5, 6) இல் வைப்போம். இரண்டு தொடுகோடுகளின் சமன்பாடு கேட்கிறார்கள். வழக்கம்போல y − 6 = m(x − 5) என்று எழுதி, அதாவது mx − y − 5m + 6 = 0, மையத்திலிருந்து தூரத்தை 2 க்குச் சமப்படுத்துகிறோம்:

|3m − 2 − 5m + 6| = 2√(m² + 1)
(4 − 2m)² = 4m² + 4
16 − 16m + 4m² = 4m² + 4

இரண்டு பக்கமும் 4m² அடிபட்டுப் போகிறது. 16m = 12, m = 3/4. ஒரே ஒரு விடை! வெளிப்புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடு வர வேண்டுமே என்று தெரிந்த பிள்ளை இங்கே திகைத்துப்போய் முதல் வரியிலிருந்து மறுபடி போட ஆரம்பிக்கும். நானும் பள்ளியில் படிக்கும்போது இதே மாதிரி ஒரு கணக்கில் மூன்று தடவை அழித்து எழுதியிருக்கிறேன். கணக்கில் தவறே இல்லை. இன்னொரு தொடுகோடு நெட்டாக நிற்கிறது, அதற்குச் சாய்வு என்ற எண்ணே கிடையாது, அதனால் m என்ற எழுத்துக்குள் அது வரவில்லை. m² அடிபடுவதுதான் அதன் அடையாளம், அப்படி அடிபட்டாலே ஒரு தொடுகோடு y அச்சுக்கு இணை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

படத்தைப் பார்த்திருந்தால் இது முதலிலேயே தெரிந்திருக்கும். மையம் x = 3 இல், ஆரம் 2, வட்டத்தின் வலது ஓரம் x = 5. P யும் x = 5 இல் இருக்கிறது. அங்கிருந்து நேராகக் கீழே இறங்கினால் (5, 2) இல் வட்டத்தைத் தொடும். தொடுகோட்டு நீளம் 6 − 2 = 4, சூத்திரமே வேண்டாம்.

அதனால் என் பழக்கம் இது: புள்ளி கொடுத்தவுடன் வட்டத்தின் நான்கு ஓரங்களையும் எழுதிவிடுவேன். நம் வட்டத்துக்கு x = 1, x = 5, y = 0, y = 4. புள்ளியின் x அல்லது y இவற்றில் ஒன்றோடு பொருந்தினால் ஒரு தொடுகோடு இலவசமாகக் கிடைத்துவிட்டது. மற்றதை m வைத்துப் போட்டால் 3x − 4y + 9 = 0. மையத்தைப் போட்டால் |9 − 8 + 9| / 5 = 2, சரி.

இந்தக் கணக்கில் இன்னொரு ஏமாற்று விடை வரும்: x + 2y − 9 = 0. இது எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள், ஏனென்றால் அதிகம் படித்தவர்கள்தான் இதில் விழுகிறார்கள். வட்டத்தின்மேல் உள்ள புள்ளி (x₁, y₁) இல் தொடுகோடு எழுத ஒரு சூத்திரம் உண்டு:

xx₁ + yy₁ − 3(x + x₁) − 2(y + y₁) + 9 = 0

இதில் (5, 6) ஐப் போட்டால் 5x + 6y − 3x − 15 − 2y − 12 + 9 = 0, அதாவது x + 2y − 9 = 0. சுத்தமாக, அழகாக ஒரு கோடு வந்துவிடுகிறது, சந்தேகமே வராது. ஆனால் (5, 6) வட்டத்தின்மேல் இல்லை. வெளிப்புள்ளியை இந்தச் சூத்திரத்தில் போட்டால் கிடைப்பது தொடுநாண், இரண்டு தொடுபுள்ளிகளையும் சேர்க்கிற கோடு. பிழை என்று கண்டுபிடிக்க P ஐயே அதில் போட்டுப் பாருங்கள்: 5 + 12 − 9 = 8. P வழியாகவே போகாத கோடு P யிலிருந்து வரும் தொடுகோடாக எப்படி இருக்கும்? மாறாக (5, 2) ஐப் போட்டால் 5 + 4 − 9 = 0. மற்றொரு தொடுபுள்ளி (9/5, 18/5), அதையும் போட்டால் 9/5 + 36/5 − 9 = 0. இரண்டு தொடுபுள்ளிகளும் அதில் இருக்கின்றன.

வினாவில் "தொடுநாணின் சமன்பாடு" என்று கேட்டிருந்தால் இதே x + 2y − 9 = 0 தான் சரியான விடை. அதனால் சூத்திரத்தில் கை வைக்கும் முன், புள்ளி வட்டத்தின்மேல் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று இடப்பக்கத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். பூச்சியம் வந்தால் தொடுகோடு, மிகை எண் வந்தால் தொடுநாண்.

படத்தை எவ்வளவு நம்பலாம்

வினாத்தாளில் உள்ள படம் அளவுக்கு ஏற்ப வரைந்ததாக இருக்க வேண்டியதில்லை. அதில் எழுதியிருக்கிற எண்கள், செங்கோணக் குறி, எந்தக் கால்பகுதி, கோடு தொடுகிறதா வெட்டுகிறதா, இவற்றை நம்பலாம். நீளம் ஏறத்தாழ எவ்வளவு, கோணம் 45° மாதிரி இருக்கிறது, கோடு மையம் வழியாகப் போகிற மாதிரி தெரிகிறது என்பதையெல்லாம் நம்பக் கூடாது. முக்கியமாக, அச்சுக்குக் கிட்டத்தில் வட்டம் இருந்து, தொடுகிறது என்று வினாவில் சொல்லாமல் இருந்தால், ஆரத்தையும் மையத்தின் ஆயத்தொலைவையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் தொடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் வட்டத்தையே எடுங்கள், சின்னதாக அச்சடித்தால் y அச்சுக்கும் வட்டத்துக்கும் நடுவில் இருக்கிற 1 அலகு இடைவெளி மையில் மறைந்துவிடும்.

விடைகளைச் சோதிப்பதா, நேராகப் போடுவதா என்று கேட்பார்கள். கோட்டின் சமன்பாடு கேட்டால் விடைகளைச் சோதிப்பதுதான் வேகம்: முதலில் சாய்வின் குறி, அடுத்து P வழியாகப் போகிறதா, கடைசியாக மையத்திலிருந்து தூரம். அந்த வரிசை முக்கியம், மலிவான சோதனை முதலில் வர வேண்டும். நீளம் கேட்டால் நேராகப் போட்டுவிடுங்கள், கழித்தல் ஒன்றுதானே. போர்டு தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆனால் ஜேஇஇ மெயினில் சரியானதுக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்பதால் அங்கே தூரச் சோதனையை விட்டுவிட்டுக் குத்துமதிப்பாகப் போட வேண்டாம்.

நீங்களாகப் போட்டுப் பார்க்க ஒன்று தருகிறேன். அதே வட்டம், புள்ளி (1, −3). படத்தை வரைந்து, ஓரங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு தொடுகோடுகளையும் நீளத்தையும் தொடுநாணையும் கண்டுபிடியுங்கள். தொடுகோடுகள் x = 1, 21x − 20y − 81 = 0; நீளம் 5; தொடுநாண் 2x + 5y − 12 = 0. இரண்டாவது தொடுகோட்டில் மையத்தைப் போட்டால் 58/29 வரும். முதல் தொடுகோட்டின் தொடுபுள்ளி (1, 2), அதைத் தொடுநாணில் போட்டால் பூச்சியம் வர வேண்டும்.